அம்மை போட்ட நேரத்தில் சிஏ தேர்வு: தள்ளிவைக்கக் கேட்கும் கடிதத்தை எழுதும் முறை

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது உடம்பில் கொப்புளம் தெரிகிறது. வீட்டில் வேப்பிலை செருகியாயிற்று. பிள்ளை இன்டர் முதல் குரூப் எழுத வேண்டும். இந்த நிலையில் சிஏ தேர்வை நடத்தும் கணக்காளர் நிறுவனத்துக்கு என்ன எழுதுவது, எதை இணைப்பது, எந்த வரிசையில் செய்வது என்பதற்கான வழிகாட்டி இது. டைபாய்டு, டெங்கு, மஞ்சள் காமாலை என்றாலும் வரிசை இதுவேதான். அம்மையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் கடிதம் தோற்றுப்போவது பெரும்பாலும் அதில்தான். நோய் உண்மையாக இருக்கும், கையில் காகிதம் இருக்காது.

1. கடிதம் எதைக் கேட்க முடியும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

“என் தேர்வை இரண்டு வாரம் கழித்து வையுங்கள்” என்று எழுதினால் அந்தக் கடிதம் முதல் வரியிலேயே செத்துவிடும். சிஏ தேர்வில் நாடு முழுக்க ஒரே நாளில் ஒரே வினாத்தாள். ஒருவருக்காகத் தனித் தாள் தயாரித்து, தனி மையம் வைத்து, தனியாகத் திருத்த எந்த ஏற்பாடும் கிடையாது. ஆகவே “தள்ளிவைப்பது” என்றால் இந்தச் சுற்றிலிருந்து விலகி அடுத்த சுற்றுக்குப் போவது என்றுதான் பொருள்.

சிஏ இன்டர் தேர்வுகள் 2025 முதல் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கின்றன. ஒரு சுற்று போனால் நான்கு மாதத்தில் அடுத்தது வந்துவிடும். செலவுக் கணக்கியல் தேர்வான சிஎம்ஏவுக்கு ஜூன், டிசம்பர் என்று இரண்டே சுற்று. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கணக்காளர் அமைப்பான ஏசிசிஏவில் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று நான்கு.

கடிதத்தில் கேட்கக்கூடியவை இரண்டு. மருத்துவக் காரணத்தால் வர இயலவில்லை என்பதைப் பதிவு செய்யச் சொல்லலாம். கட்டிய கட்டணத்தை அடுத்த சுற்றுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். முதலாவது கிடைப்பது எளிது. இரண்டாவது அரிது, ஏனென்றால் கட்டிய தேர்வுக் கட்டணம் திரும்பாது என்பதே பொது விதி. இதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவரின் கடிதம் நிதானமாக இருக்கும். தெரியாமல் எழுதுகிறவர் கெஞ்சத் தொடங்கிவிடுவார்.

கை எலும்பு முறிவு என்றால் இந்தக் கடிதமே வேண்டாம். உங்களுக்காக எழுத இன்னொருவரை அனுமதிக்கக் கேட்கும் வழி தனியாக இருக்கிறது. அதைத் தேர்வுக்கு முன்பே கேட்க வேண்டும்.

2. கொப்புளம் தெரிந்த அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்

கடிதம் எழுதுவதற்கு முந்தைய வேலை இது. பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

அம்மை போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, மாத்திரை கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே தலை காட்டக் கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். வழக்கத்தை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு முறையாவது மருத்துவர் கண்ணால் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகு, காய்ந்த தழும்போடு போய்ச் சான்றிதழ் கேட்டால், நேர்மையான மருத்துவர் “இன்று பார்த்தேன், அம்மை வந்து ஆறிய தழும்புகள் உள்ளன” என்று மட்டுமே எழுதித் தருவார். தேர்வு நாளில் நீங்கள் நோயாளியாக இருந்தீர்கள் என்று அவர் சொல்ல முடியாது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது.

தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பழைய சிறைச்சாலை சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ தெருமுனை கிளினிக்கோ போதும், மருத்துவர் பதிவு பெற்றவராக இருந்தால் சரி. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையாகும், நுரையீரல் வரை போகலாம். வைரஸுக்கான மருந்து கொப்புளம் தோன்றி 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆக, கடிதத்துக்காக இல்லாவிட்டாலும் முதல் நாளே போவது நல்லது. போகும்போது மூக்கு வாய் மூடிக்கொண்டு, வாசலிலேயே அம்மை என்று சொல்லிவிடுங்கள். வரிசையில் கர்ப்பிணிகள் இருப்பார்கள்.

3. ஓபி சீட்டு வேறு, சான்றிதழ் வேறு

அரசு மருத்துவமனை ஓபி சீட்டில் பெயர், தேதி, இரண்டு மாத்திரைப் பெயர்கள் இருக்கும். நோயின் பெயர் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. இந்தச் சீட்டை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு முடிந்தது என்று இருப்பவர்கள் நிறைய. சீட்டு நீங்கள் அன்று அங்கே போனதைக் காட்டும். எத்தனை நாள் வெளியே வரக் கூடாது என்பதைக் காட்டாது. நிறுவனத்துக்குத் தேவை இரண்டாவது.

சான்றிதழில் இருக்க வேண்டியவை இவை: முதலில் பார்த்த தேதி, நோயின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தனித்திருக்க வேண்டும், மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண். “காய்ச்சலால் அவதி, ஓய்வு தேவை” என்ற ஒற்றை வரிச் சான்றிதழை ஏற்காதீர்கள், பணிவாகத் திருத்தித் தரக் கேளுங்கள்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, தரும் சான்றிதழ்களுக்கு அவர் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். நோயாளியின் கையெழுத்து அல்லது கைநாட்டு, முகவரி, ஓர் அங்க அடையாளம் இவற்றைக் குறித்து நகலும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வரிகள் உங்கள் சான்றிதழில் இருந்தால் அது முறையாகத் தரப்பட்டது என்று பார்த்தவுடன் தெரியும். சந்தேகம் வந்து நிறுவனம் விசாரித்தாலும் அந்தப் பதிவேட்டில் தடம் இருக்கும்.

முன்தேதியிட்ட சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். பொய்ச் சான்றிதழ் மருத்துவரின் பதிவையே பாதிக்கும் குற்றம், உங்கள் பக்கம் மாணவர் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். ஒரு சுற்றுக் கட்டணத்துக்காக அந்த வம்பு வேண்டாம்.

ஒருவேளை முதல் நாள் காட்டியிருந்து, சான்றிதழ் வாங்க மறந்திருந்தால் வழி இருக்கிறது. அதே விதிகளின்படி, நோயாளி கேட்டால் மருத்துவக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்தக் குறிப்பின் அடிப்படையில் இன்றைய தேதியிட்டு, “இன்ன நாளில் பார்த்தேன்” என்று எழுதித் தருவது முறையானதே.

4. தேதிகளைப் பொருத்திப் பாருங்கள்

கடிதத்தின் உயிர் இங்கே இருக்கிறது. சான்றிதழ் சொல்லும் நாள்களும் உங்கள் தாள்களின் நாள்களும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும்.

ஓர் உதாரணம். இன்டர் இரண்டு குரூப்பும் விண்ணப்பித்த ஒரு மாணவி. முதல் குரூப்பின் மூன்று தாள்கள் 11, 13, 15 தேதிகளில். இரண்டாம் குரூப் 17, 19, 21. கொப்புளம் தெரிந்தது 8ஆம் தேதி மாலை, மருத்துவர் பார்த்தது 9ஆம் தேதி காலை.

சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும் வரை தொற்றும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். ஆக மருத்துவர் 9 முதல் 16 வரை தனித்திருக்கச் சொல்லி எழுதுகிறார். முதல் குரூப்பின் மூன்று தாளும் இதற்குள் விழுகின்றன. இரண்டாம் குரூப் விழவில்லை.

இங்கே மாணவி செய்யக் கூடாதது, “இரண்டு குரூப்பையும் தள்ளிவையுங்கள்” என்று கேட்பது. சான்றிதழ் 16ஆம் தேதியோடு முடிகிறது, கோரிக்கை 21 வரை போகிறது என்றால் படிப்பவர் முழுக் கோரிக்கையையும் சந்தேகிப்பார். முதல் குரூப்புக்கு மட்டும் கேட்டுவிட்டு, 16ஆம் தேதி மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பொருக்கு முழுதும் கட்டியிருந்தால் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு 17ஆம் தேதி எழுதலாம். முகத்தில் பொருக்கோடு போனால் தேர்வறையில் கேள்வி வரும், அப்போது அந்தச் சான்று கையில் இருக்கட்டும். புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் இரண்டாவது சான்றிதழ் வாங்கி, இரண்டாம் குரூப்புக்குத் தனிக் கடிதம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதும்போது மொத்த மதிப்பெண்ணில் ஒரு குரூப்பின் குறைவை மற்றது தாங்கும். இரண்டாம் குரூப்பை மட்டும் எழுதினால் ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் என்பதை அது தானே எட்ட வேண்டும்.

இதே மாணவிக்கு 4ஆம் தேதியே கொப்புளம் வந்திருந்தால்? 11ஆம் தேதிக்குள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அப்போது “உடம்பு அசதி, படிக்க முடியவில்லை” என்பதுதான் மிஞ்சும். அது நியாயமான கஷ்டம்தான், ஆனால் இந்தக் கடிதத்துக்கு ஆதாரமாகாது.

5. ஒரு தாளை மட்டும் விடுவதற்கு முன் யோசியுங்கள்

காய்ச்சல் தேர்வின் நடுவில் வந்தால், “முடிந்ததை எழுதுவோம், முடியாததை விடுவோம்” என்று தோன்றும். சிஏவில் இதற்கு ஒரு விலை உண்டு. குரூப்பில் தோற்றாலும் ஒரு தாளில் 60 எடுத்திருந்தால் அடுத்த மூன்று சுற்றுகளுக்கு அந்தத் தாளிலிருந்து விலக்கு கிடைக்கும். ஆனால் அது அந்தக் குரூப்பின் எல்லாத் தாளுக்கும் வந்திருந்தால் மட்டும். ஒரு தாளுக்குப் போகாவிட்டால், மற்றதில் 75 எடுத்தாலும் விலக்கு இல்லை.

ஆகவே நோய் தொற்றாதது, மருத்துவர் தடுக்கவில்லை, உட்கார மட்டும் முடிகிறது என்றால், போய் உட்கார்ந்து முடிந்ததை எழுதிவிட்டு வருவது லாபம். அம்மைக்கு இது பொருந்தாது. பக்கத்து மேசைக்காரருக்கு ஒட்டவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

ஏற்கெனவே விலக்கு வாங்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த மூன்று சுற்று என்பது அடுத்தடுத்து வரும் மூன்று. நீங்கள் வராவிட்டாலும் ஒன்று கழிந்துவிடும். கடைசிச் சுற்றில் இருக்கிறீர்கள் என்றால் அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள்.

6. யாருக்கு எழுதுவது

நுங்கம்பாக்கத்தில் இருப்பது தென் மண்டல அலுவலகம். நேரில் போய்க் கொடுத்தால் வேகமாக நடக்கும் என்று பஸ்ஸில் அப்பாவை அனுப்பிவைப்பார்கள். அங்கே தேர்வு குறித்து முடிவெடுப்பதில்லை, முடிவு டெல்லியில் உள்ள தேர்வுத் துறையில். சிஎம்ஏவுக்கும் இதே கதைதான்: எழும்பூரில் மண்டல அலுவலகம், முடிவு கொல்கத்தாவில்.

கடிதத்தைத் தேர்வுத் துறையின் தலைமை அதிகாரிக்கு, பதவியின் பெயரால் எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரியை அந்தச் சுற்றின் தேர்வு அறிவிக்கையிலிருந்தே எடுங்கள், நண்பரின் பழைய மெயிலிலிருந்து வேண்டாம். நிறுவனத்தில் பதிவு செய்த உங்கள் மெயிலிலிருந்துதான் அனுப்ப வேண்டும். வேறு முகவரியிலிருந்து போனால் அனுப்பியது நீங்கள்தான் என்பதற்கே ஆதாரம் இல்லை. ஏசிசிஏ போன்ற வெளிநாட்டு அமைப்புகளில் மாணவர் கணக்கின் உள்ளே போய், விலகுவது பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். கேட்பதற்கென்று தனி வழி இருக்கும்போது தனிக் கடிதம் தேங்கிப்போகும்.

7. கடிதம்

ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். வரிசையும் அளவும் புரிவதற்காகக் கீழே தமிழில். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பொருள் வரியிலேயே பதிவு எண் இருக்கட்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மெயில்களைப் பார்ப்பவர் அதை வைத்துத்தான் உங்கள் கோப்பைத் திறப்பார்.

> பொருள்: இன்டர் முதல் குரூப் – மருத்துவக் காரணத்தால் வர இயலாமை – பதிவு எண் ____, தேர்வு எண் ____
>
> ஐயா / அம்மையீர்,
>
> ____ சுற்றின் இன்டர் தேர்வுக்கு இரண்டு குரூப்புகளுக்கும் விண்ணப்பித்துள்ளேன். என் தேர்வு மையம் சென்னை, மைய எண் ____.
>
> எனக்குச் சின்னம்மை என்று 9ஆம் தேதி மருத்துவர் உறுதி செய்தார். தொற்றும் நோய் என்பதால் 9 முதல் 16ஆம் தேதி வரை தனித்திருக்க அறிவுறுத்தியுள்ளார். இதனால் 11, 13, 15 தேதிகளில் நடக்கும் முதல் குரூப்பின் மூன்று தாள்களுக்கும் என்னால் வர இயலாது.
>
> என் கோரிக்கைகள்: (1) இதை மருத்துவக் காரணத்தால் வர இயலாமை என்று பதிவு செய்ய வேண்டுகிறேன். (2) முதல் குரூப்புக்கான கட்டணத்தை அடுத்த சுற்றுக்கு ஈடுசெய்ய விதிகள் இடமளித்தால், அவ்வாறு செய்ய வேண்டுகிறேன்.
>
> இரண்டாம் குரூப் தேர்வை, மருத்துவர் அனுமதித்தால் எழுதுவேன்.
>
> இணைப்பு: மருத்துவச் சான்றிதழ், ஓபி சீட்டு, அனுமதிச் சீட்டு.
>
> தங்கள் உண்மையுள்ள,
> (கையெழுத்து, பெயர், கைபேசி எண்)

இதில் இல்லாததைக் கவனியுங்கள். குடும்பச் சூழ்நிலை இல்லை, எத்தனை மாதம் படித்தேன் என்பது இல்லை, “என் எதிர்காலமே உங்கள் கையில்” என்பது இல்லை. அவை எழுதத் தோன்றுவது இயல்பு. ஆனால் படிப்பவர் தேடுவது நோய், நாள், தாள் மூன்றையும்தான். அவை நான்காம் பத்தியில் ஒளிந்திருந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். “விதிகள் இடமளித்தால்” என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். விதிக்கு எதிராகக் கேட்கும் கடிதத்தை நிராகரிப்பது எளிது. விதிக்குள் கேட்பதற்கு விதியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்பா அம்மா கையெழுத்திட்டு அனுப்பும் கடிதம் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரர் நீங்கள். எழுந்திருக்கவே முடியாத நிலை என்றால், அவர்கள் உங்கள் சார்பில் அனுப்புவதாகவும் காரணத்தையும் எழுதி, மருத்துவமனையில் சேர்த்த சீட்டை இணைக்கலாம்.

8. அனுப்பும் நேரமும் முறையும்

முதல் தாளுக்கு முன் அனுப்புங்கள். சான்றிதழ் 9ஆம் தேதி கையில் வந்தால் 9ஆம் தேதி இரவே. தேர்வு முடிந்தபின் வரும் கடிதத்தை, தாள் கடினம் என்று கேள்விப்பட்டு எழுதியதோ என்று யாரும் நினைக்கலாம். முன்னால் போன கடிதத்தின் மேல் அந்தச் சந்தேகம் விழாது.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்யும்போது மருத்துவரின் பதிவு எண் படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நீல மை முத்திரை கறுப்பு வெள்ளையில் மங்கிவிடும், வண்ணத்தில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பெயரில் பதிவு எண் வைத்து அனுப்புங்கள்: `SRO0000000_MC.pdf` என்பது போல. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே இணைத்தால் எழுத்து கலங்கியிருக்கும்.

மெயில் போனபின் அதே கடிதத்தின் அச்சுப் பிரதியை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். மூலச் சான்றிதழை அனுப்பாதீர்கள், நகல் போதும். அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் விடுப்புக்கும் அதே மூலத்தைக் காட்ட வேண்டிவரும்.

9. பதிலுக்குக் காத்திருக்கும்போது

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் அதே மெயில் தொடரில் பதில் கேளுங்கள். புதிய மெயிலாக ஆரம்பித்தால் அது புதிய கோரிக்கையாகப் போய் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்கும். தினமும் எழுதுவதால் வேகம் கூடாது.

முடிவுகள் வரும்போது முதல் குரூப்பில் வரவில்லை என்றுதான் இருக்கும். உங்கள் கடிதம் ஏற்கப்படவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. மதிப்பெண் தாள் அப்படித்தான் வரும்.

அடுத்த சுற்றின் விண்ணப்பம் eservices.icai.org தளத்தில் திறந்ததும் வழக்கம்போல நிரப்புங்கள். கடிதம் போட்டிருக்கிறோம், அவர்களே அடுத்த சுற்றில் சேர்த்துவிடுவார்கள் என்று இருந்து, கடைசித் தேதியைத் தவறவிட்டு இரண்டு சுற்றையும் இழப்பவர்கள் உண்டு. எந்தக் கடிதமும் விண்ணப்பம் ஆகாது. கட்டண ஈடு பற்றிய பதில் அதற்குள் வராவிட்டால் முழுக் கட்டணம் கட்டி விண்ணப்பித்து, அந்த ரசீது எண்ணை அதே மெயில் தொடரில் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்புங்கள். பின்னால் அனுமதி வந்தால் எந்தப் பணத்தோடு ஈடுசெய்வது என்று அவர்கள் தேட வேண்டியிருக்காது.